சவர்த் தண்ணீரில் குழைத்த கொங்கிறீற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமங்களிலும் தீவகத்திலும் வீடு கட்டத் தொடங்கும் எவரும் அத்திவாரம் வெட்டும்போதே ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். வளவுக் கிணறு சவர். குழாய்க்கிணறு அடித்தால் அது இன்னும் சவர். இந்தத் தண்ணீரில் கொங்கிறீற்றுக் குழைக்கலாமா?

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் தயாராக உள்ளன. மேசன் சொல்வது ஒன்று: "இந்தத் தண்ணியிலதான் எத்தனையோ வீடு கட்டினனாங்கள் ஐயா, ஒண்டும் நடக்கேல்லை." பொறியியலாளர் சொல்வது மற்றொன்று: "குடிக்கக்கூடிய தண்ணீரை மட்டுமே பாவிக்க வேண்டும்." மேசன் தமது அனுபவத்தைச் சொல்கிறார், பொறியியலாளர் தமது பாடப்புத்தகத்தைச் சொல்கிறார். ஏன் என்பதை இருவரும் சொல்வதில்லை. வீட்டுக்காரரோ பல வேளைகளில் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்து பணம் அனுப்பிக்கொண்டிருப்பார். கடைசியில், கையருகே எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதுவே கலவைக்குள் போகிறது.

என்னுடைய கருத்து இதுதான். சவர்நீர் கொங்கிறீற்றுக்கு ஆகுமா என்று கேட்பதிலேயே தவறு இருக்கிறது. அந்தக் கொங்கிறீற்றுக்குள் இரும்பு இருக்கிறதா என்பதையே முதலிற் கேட்க வேண்டும். இல்லையென்றால் மேசன் சொல்வது பெரும்பாலும் சரி. இருக்கிறதென்றால் அவருடைய அனுபவம் ஏமாற்றக்கூடியது. ஏனெனில் அதன் விளைவைப் பார்க்க அவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை.

சீமெந்துக்கு உப்புப் பகையன்று

சீமெந்து காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நீரோடு இரசாயனத் தாக்கம் புரிந்தே இறுகுகிறது. நீரிலுள்ள உப்பு இத்தாக்கத்தைத் தடுப்பதில்லை. சிறிது விரைவுபடுத்தவே செய்கிறது. ஆகவே சவர்நீரில் குழைத்த கொங்கிறீற்று நேரத்தோடு இறுகும்; முதல் வாரத்தில் நல்ல நீரில் குழைத்ததைவிடச் சற்று வலுவாகக்கூட இருக்கும். கடல்நீரிலேயே குழைத்தாலும் ஆரம்ப வலு குறைவதில்லை. மாதக்கணக்கில் பார்க்கும்போதே நல்ல நீர்க் கொங்கிறீற்றைவிட அது பத்துப் பதினைந்து வீதம் பின்தங்கக்கூடும்.

சர்ச்சைக்கிடமான நீரைச் சோதிப்பதற்கு ஒரு வழக்கமான முறை உண்டு. அந்த நீரில் சில கனசதுரக் கட்டிகளையும் காய்ச்சிவடித்த நீரில் சில கட்டிகளையும் வார்த்து, ஏழாம் நாள் இரண்டையும் நசுக்கிப் பார்ப்பார்கள். முன்னது பின்னதன் வலுவில் 90 வீதத்தையாவது எட்டினால் நீர் சித்தியடைந்ததாகக் கொள்வர். அழுக்கு நீரைப் பொறுத்தவரை இது நியாயமான சோதனை. ஆனால் சவர்நீர் இச்சோதனையில் இலகுவாகச் சித்தியடைந்துவிடும். கட்டி நன்றாக நின்றது என்ற பத்திரத்தைக் காட்டி நீர் நல்லது என்று யாராவது சொன்னால், அந்தக் கட்டிக்குள் கம்பி இருக்கவில்லை என்பதை நாம் அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

பாட்டன் காலத்து வீடுகள் சவர்த் தண்ணீரில் கட்டப்பட்டு இன்றும் நிற்கின்றனவே என்ற வாதத்திற்கும் இதிலேயே விடை உண்டு. அவ்வீடுகள் சுண்ணாம்புச் சாந்தும் கல்லும் கொண்டு எழுந்தவை. கூரை மரமும் ஓடும். நெடுந்தீவிலுள்ள பழைய கோட்டையின் பவளக்கற் சுவர்களும், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டையும் நூற்றாண்டுக் கணக்கில் உப்பிலேயே நிற்கின்றன. அவற்றின் சுவர்களுக்குள் கறள் பிடிப்பதற்குக் கம்பி இல்லை. இன்று நாம் கட்டுவது தூணும் வளையும் தளமும் கொண்ட வீடு. அதன் பாரத்தைத் தாங்குவதில் பாதி வேலை கம்பியினுடையது.

கம்பிக்கு என்ன நடக்கிறது?

நல்ல கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பு கறள் பிடிப்பதில்லை. சீமெந்து மிகுந்த காரத்தன்மையுடையது. அதன் பிஎச் பெறுமானம் 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகி, கம்பிக்குக் கவசமாக அமைகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு இக்கவசத்தை இடையிடையே துளைத்துவிடும். துளைத்த இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் கறள் தொடங்குகிறது.

கறளானது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. உள்ளிருந்து அது நெருக்கும்போது, கம்பியை மூடியிருக்கும் ஓர் அங்குலக் கொங்கிறீற்று வெடிக்கிறது. வெடிப்பினூடாக ஈரமும் காற்றும் முன்னிலும் தாராளமாக நுழைய, சேதம் வேகம் பெறுகிறது. தளத்தின் அடிப்புறத்தில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக வெடிப்பு விழுவதும், அதில் மண்ணிறக் கறை கசிவதும், சிறு சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று ஒலிப்பதும் இதன் அடையாளங்கள். பின்னர் துண்டு துண்டாகக் கழன்று விழத் தொடங்கும். அந்த நிலையில் மேலே சீமெந்து பூசி வர்ணம் அடிப்பது நோயை மூடிமறைப்பதேயன்றி மருந்தாகாது. பழுதான பகுதியைக் கம்பிக்குப் பின்புறம்வரை உடைத்தெடுத்து, கம்பியைத் துப்புரவு செய்து, மெலிந்ததற்குப் புதிதாகச் சேர்த்துத்தான் திருத்த வேண்டும். கலவை நீரோடு வந்த உப்பு தளம் முழுவதும் பரவியிருப்பதனால், ஓரிடத்தைத் திருத்தினால் அடுத்த இடத்தில் அது தலைகாட்டும்.

இவையெல்லாம் தோன்ற ஐந்தாண்டும் ஆகலாம். இருபது ஆண்டும் ஆகலாம். அதற்குள் மேசன் எங்கேயோ போயிருப்பார். ஒப்பந்தகாரர் தொழிலையே மாற்றியிருப்பார். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கில் எழுந்த கொங்கிறீற்று வீடுகள் பல இப்போது அந்த வயதை அடைந்துவருகின்றன.

ஒரு பக்கற்றுக்குக் கணக்கு

எவ்வளவு உப்பு அதிகம் என்பதை ஒரு பக்கற் சீமெந்தை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். பக்கற் 50 கிலோ. ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு சல்லி என்ற வழக்கமான கலவைக்கு ஏறத்தாழ 27 லீற்றர் நீர் வேண்டும். கம்பியிட்ட கொங்கிறீற்றில் மொத்தக் குளோரைட்டு, சீமெந்தின் நிறையில் 0.4 வீதத்தைத் தாண்டலாகாது என்பது ஐரோப்பிய நியமங்களில் பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. அதாவது பக்கற்றுக்கு 200 கிராம். வெளியிலிருந்தும் உப்பு வந்து சேரக்கூடிய இடங்களுக்கு அமெரிக்கக் கோவை 0.15 வீதத்தை மட்டுமே அனுமதிக்கிறது. அது பக்கற்றுக்கு 75 கிராம்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. 27 லீற்றரில் அது 500 கிராமைத் தாண்டுகிறது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஒரு சவர்க் கிணற்றில் லீற்றருக்கு 3 கிராம் இருப்பதாகக் கொள்வோம். குடிக்க முடியாது, ஆனால் குளிக்கலாம் என்று நம்மவர் சொல்லும் வகையான தண்ணீர். அதிலிருந்து பக்கற்றுக்கு 81 கிராம் சேர்கிறது. ஐரோப்பிய எல்லைக்குள் நிற்கிறதே என்று ஆறுதலடையலாம். ஆனால் ஒரு பக்கற்றுக்குச் சேரும் மணல் ஏறத்தாழ 110 கிலோ. அது சரியாகக் கழுவப்படாத கரையோர மணலாயிருந்து, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு குளோரைட்டு இருக்குமானால், மணலிலிருந்து மட்டும் 110 கிராம் வந்துவிடும். இரண்டும் சேர 191 கிராம். கடற்காற்று ஒரு துளி உப்பைக் கொண்டுவந்து சேர்க்க முன்னரே அந்த வீடு எல்லையைத் தொட்டுவிட்டது. அமெரிக்க எல்லையையோ நீர் மட்டுமே தாண்டிவிட்டது.

இதனாலேயே நீருக்கென்று தனி எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. 2002இல் வெளியான ஐரோப்பாவின் 1008ஆம் இலக்க நியமம், கம்பியிட்ட கொங்கிறீற்றுக்கான நீரில் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் குளோரைட்டையும், கம்பியில்லாததற்கு 4500 மில்லிகிராமையும் அனுமதிக்கிறது. இந்தியாவின் 456ஆம் இலக்க நியமம் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னும் இறுக்கமானது: முன்னதற்கு 500, பின்னதற்கு 2000. இரண்டும் கம்பியுள்ளதையும் இல்லாததையும் வெவ்வேறாகவே வைத்துப் பார்க்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமது நாக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராமிலேயே குளோரைட்டை உணரத் தொடங்கிவிடும். ஆகவே குடிக்கக்கூடிய தண்ணீர் என்ற பொறியியலாளரின் சொல் வெறும் சம்பிரதாயமன்று. கருவி எதுவுமில்லாத இடத்தில் அதுவே மிக மலிவான சோதனை. ஒரு படி மேலே போக விரும்புவோர், கரைந்துள்ள மொத்தத் திண்மத்தைக் காட்டும் சிறு பேனா வடிவக் கருவியை வாங்கலாம். மொத்தமே லீற்றருக்கு 1000 மில்லிகிராமுக்குக் குறைவென்றால் அதில் குளோரைட்டு மட்டும் 1000ஐ எட்டவே முடியாது. அதற்கு மேல் காட்டினால் ஆய்வுகூடத்தில் குளோரைட்டைத் தனியே அளப்பித்துக்கொள்வது நல்லது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக் கற்பாறைக்குள் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை போன்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பேர்க் விதி. இறைத்து மேல் மட்டத்தைக் குறைத்தால் கீழிருந்து உவர்நீர் மேலேறி வரும். ஆழத்திலிருந்து இழுக்கும் குழாய்க்கிணறு அந்த உவர்நீரை முதலிலேயே எட்டிவிடுகிறது. ஆகவே தை மாதத்தில் மழை ஓய்ந்த கையோடு எடுத்த மாதிரி ஆவணி மாதத்து நீருக்குச் சாட்சியாகாது. காலையில் எடுத்த முதல் வாளி மாலை வரை பம்பி ஓடிய பின்னர் வரும் நீருக்கும் சாட்சியாகாது. வேலை நடக்கும் பருவத்தில், சில மணி நேரம் இறைத்த பின்னரே மாதிரி எடுக்க வேண்டும்.

தளத்தில் கட்டி வைக்கும் தண்ணீர்

குழைப்பதற்கு நல்ல நீரை வாங்குவோர்கூட, தளம் போட்டபின் மேலே கட்டி வைக்கக் கிணற்றுச் சவர்நீரையே ஊற்றுகின்றனர். கொங்கிறீற்று இறுகிவிட்டதே, இனி என்ன என்று நினைக்கின்றனர். முதல் வாரத்துக் கொங்கிறீற்று நுண்துளைகள் நிறைந்தது. உப்பு உள்ளே செல்வதற்கு அதைவிட வாய்ப்பான காலம் கிடையாது.

ஆயிரம் சதுர அடித் தளத்தை எடுத்துக்கொள்வோம். வெயிற் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகுமென்றால் ஏழு நாளில் சுமார் 3250 லீற்றர் ஆவியாகிவிடும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. லீற்றருக்கு 3 கிராம் குளோரைட்டுள்ள நீராயின், அது கறியுப்புக் கணக்கில் ஏறத்தாழ 16 கிலோவைத் தளத்தின்மேல் விட்டுச் செல்கிறது. அத்தனையும் உள்ளே இறங்கிவிடாது. ஒரு பகுதியை மழை கழுவிச் செல்லும். ஆனால் தானே 16 கிலோ உப்பை வாங்கித் தன் புதுத் தளத்தின்மேல் தூவ எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்கமாட்டார்.

நீர் போதாதென்பதற்காகப் பதப்படுத்தாமல் விடுவதும் பெருங்கேடு. தளம் வெடித்து, மேற்பரப்பு தூளாகி, உப்புக் காற்றுக்கு வழி திறந்துவிடும். நடுவழி ஒன்றுண்டு. நல்ல நீரில் நனைத்த சாக்குகளை விரித்து, அவற்றின்மேல் பொலித்தீன் விரிப்பை இறுக்கமாக மூடி, ஓரங்களில் கல் வைத்துவிட்டால் ஆவியாவது பெரிதும் குறையும். காலையும் மாலையும் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, சாக்குக் காய்ந்த இடத்தில் மட்டும் தெளித்தால் போதும். ஏழு நாளேனும் இதைச் செய்ய வேண்டும்.

அழுக்கு நீரின் கதை வேறு

அழுக்கு நீரின் கெடுதி உடனடியாகத் தெரிவது; அதனால் ஒருவகையில் ஆபத்துக் குறைந்தது. கலங்கல் நீரைப் பீப்பாயில் ஓரிரவு அடையவிட்டு மேலேயுள்ளதை மட்டும் மொண்டெடுக்கலாம். ஒரு போத்தலில் 80 மில்லிலீற்றர் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் 4 மில்லிலீற்றருக்கு மேல் மண்டி படியக்கூடாது. அதே போத்தலைக் குலுக்கினால் எழும் நுரை இரண்டு நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் சவர்க்காரம் கலந்திருக்கிறது. எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், பாசி பிடித்துப் பச்சையாக இருந்தாலும் அந்நீரை விலக்க வேண்டும். பாசி கலவைக்குள் காற்றைச் சிறைப்படுத்தி வலுவைக் குறைக்கும்.

சீனி எல்லாவற்றிலும் விஷமத்தனமானது. சீமெந்தின் நிறையில் 0.05 வீதம், அதாவது பக்கற்றுக்கு வெறும் 25 கிராம் சீனி, இறுகுவதை மணிக்கணக்கில் தாமதிக்கச் செய்யும். கருப்பணியோ பாகோ இருந்த பாத்திரத்தைக் கழுவாமல் தண்ணீர் அள்ளப் பாவித்த இடத்தில், மறுநாளும் கலவை பச்சையாகவே கிடந்தால் வியப்படைய வேண்டியதில்லை. மாறாக, கேத்திலில் வெண்படலம் படியவைக்கும் நமது சுண்ணாம்புக் கிணற்று நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சவர் இல்லாத கடின நீர் கொங்கிறீற்றுக்குத் தீங்கு செய்யாது.

மதிப்பீட்டில் ஒரு வரி

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று தீவகத்தவர் கேட்பதிலுள்ள வேதனை நியாயமானது. குடிப்பதற்கே பவுசரைப் பார்த்திருக்கும் ஊர்களில் கொங்கிறீற்றுக்கு நன்னீர் என்பது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் உண்மையில் எவ்வளவு நீர் தேவை என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஐந்து அங்குலத் தடிப்பில் ஆயிரம் சதுர அடித் தளத்திற்குச் சுமார் 75 பக்கற் சீமெந்து செல்லும். பக்கற்றுக்கு 27 லீற்றர்ப்படி குழைக்கும் நீர் 2000 லீற்றரளவே ஆகிறது. ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் இரண்டு. ஐந்நூறு சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதைவிட அதிகமான நீர் வழிந்தோடுகிறது. மழைநீரைவிட உப்புக் குறைந்த நீர் எந்தக் கிணற்றிலும் கிடைக்காது. தூணுக்கும் வளைக்கும் அத்திவாரப் பட்டிக்கும் தேவையானதைச் சேர்த்தாலும், முழு வீட்டின் கம்பியிட்ட வேலைக்கும் ஒரு சில பவுசர் நீர் போதும்.

சவர்நீரைக் கம்பி இல்லாத வேலைக்கு ஒதுக்கலாம். அத்திவாரக் கற்கட்டும் நிலத்துக்கு இடும் வெறுங் கொங்கிறீற்றும் அத்தகையவை. சுவர்ப் பூச்சுக்கு மட்டும் வேண்டாம். உவர் பூத்து வர்ணம் உரிந்துகொண்டேயிருக்கும். தூணையும் லின்ரலையும் ஒட்டிய சாந்துக்கும் வேண்டாம். அங்கிருந்து உப்பு பக்கத்திலுள்ள கம்பிக்குப் பயணம் செய்யும்.

நமது கட்டட மதிப்பீடுகளில் சீமெந்துக்கு ஒரு வரி, கம்பிக்கு ஒரு வரி, மணலுக்கு ஒரு வரி இருக்கும். தண்ணீருக்கு வரி இருப்பதில்லை. அது ஒப்பந்தகாரரின் பாடு என்று விடப்படுகிறது. விலையில்லாத பொருளாகக் கருதப்படுவதனால் அவரும் விலையில்லாததையே எடுத்துக்கொள்கிறார். இதில் அவரைக் குறைகூறிப் பயனில்லை. கம்பியிட்ட வேலைக்குரிய நீர் எங்கிருந்து வரும், எத்தனை லீற்றர், யார் செலவு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர் ஓட்டின் நிறத்தையும் கதவின் மரத்தையும் தொலைபேசியில் விசாரிப்பதுண்டு. அவற்றைப் பிற்பாடும் மாற்றிக்கொள்ளலாம். தளத்துக்குள் போன உப்பை வெளியே எடுக்க முடியாது. கொங்கிறீற்றுப் போடும் நாளுக்கு முதல் நாள் அவர்கள் கேட்க வேண்டியது, தாங்கிக்குள் இருப்பது எந்தத் தண்ணீர் என்பதைத்தான்.